10 கிலோமீற்றர் நேரத்தைக் கொண்டு மரதன் நேரத்தைக் கணிப்பது எங்கே பிசகுகிறது

கேள்வி: 10 கிலோமீற்றரை 50 நிமிடத்தில் ஓடினேன். இணையக் கணிப்பான் அரை மரதனுக்கு 1:50, மரதனுக்கு 3:50 என்று காட்டியது. சில வாரம் கழித்து ஓடிய அரை மரதன் 1:55 ஆகிவிட்டது. மரதனில் 3:50 என்பதை நம்பி ஓடலாமா? பயிற்சி எல்லாம் மட்டக்களப்பில்தான்.

பதில்:

நம்பி ஓட வேண்டாம். உங்களுடைய இரண்டு ஓட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது 4 மணி 9 நிமிடம். அதுவும் எல்லாம் சரியாக அமைந்தால் மட்டுமே.

உங்கள் கணிப்பான் பயன்படுத்தியிருப்பது பீற்றர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1977இல் வெளியிட்ட சூத்திரம்:

```
T2 = T1 × (D2 / D1)^1.06
```

T1 என்பது ஓடி முடித்த நேரம், D1 அதன் தூரம், D2 ஓடப்போகும் தூரம். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் சரியாக இரண்டு மடங்காகாமல் ஏறத்தாழ 2.085 மடங்காகும், அதாவது ஒரு கிலோமீற்றருக்கு எடுக்கும் நேரம் 4 சதவீதமளவில் கூடும் என்பதுதான் அந்த 1.06 என்ற அடுக்கின் பொருள். 50 நிமிடத்தை இதில் இட்டால் அரை மரதனுக்கு 1:50:19, மரதனுக்கு 3:50:01 வரும். கணிப்பான் கணக்கில் தவறு செய்யவில்லை. ஆனால் அந்த 1.06 உங்களுடைய எண் அல்ல. அது உலக சாதனை நேரங்களின் போக்கிலிருந்து எடுக்கப்பட்டது. அச்சாதனைகளைச் செய்தவர்களோ மரதனுக்காக வாரத்துக்கு 150 கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் பழகியவர்கள். ரீகலே தம் சூத்திரம் ஏறத்தாழ மூன்றரை நிமிடம் முதல் 230 நிமிடம் வரையான ஓட்டங்களுக்குப் பொருந்தும் என்றுதான் வரையறுத்தார். 230 நிமிடம் என்பது சரியாக 3 மணி 50 நிமிடம். உங்களுக்குக் காட்டப்பட்ட விடை சூத்திரத்தின் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது.

இனி உங்கள் அரை மரதனைப் பாருங்கள். 1:55 என்பது ஒரு கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 27 விநாடி. மரதனை 3:50க்கு முடிப்பதற்கும் கிலோமீற்றருக்கு அதே 5:27 தேவை. ஆகவே, 21 கிலோமீற்றர் முழு மூச்சாக ஓடிப் பிடித்த அதே வேகத்தை 42 கிலோமீற்றருக்கும் பிடிக்கச் சொல்கிறது அந்தக் கணிப்பு. இதை எந்த ஓட்டக்காரரும் ஏற்கமாட்டார். கணிப்பானில் ஒரே ஒரு ஓட்டத்தை மட்டும் இட்டதால்தான் இந்த முரண் கண்ணில் படவில்லை.

இரண்டு ஓட்டங்கள் கையில் இருக்கும்போது, இரவல் எண்ணை விட்டுவிட்டு உங்கள் சொந்த அடுக்கையே கண்டுபிடிக்கலாம். எக்செல் தாளில் ஒரு வரி போதும்:

```
=LN(115/50)/LN(21.0975/10)
```

விடை ஏறத்தாழ 1.116. மரதன் அரை மரதனின் இரு மடங்கு என்பதால், 115 நிமிடத்தை 2இன் 1.116 அடுக்கால் பெருக்கினால் 249 நிமிடம் வரும்: 4:09, கிலோமீற்றருக்கு 5:54. தூரம் இரட்டிக்கும்போது நீங்கள் 4 சதவீதம் அல்ல, 8 சதவீதம் மெதுவாகிறீர்கள். இது உங்கள் குறை அல்ல. விக்கர்ஸ், வெர்டோசிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களின் நேரங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், ரீகல் சூத்திரம் அரை மரதன் வரை நன்றாகவே பொருந்துவதையும், மரதனில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு 10 நிமிடமோ அதற்கு மேலோ வேகமான நேரத்தைக் காட்டிவிடுவதையும் கண்டார்கள்.

ஏன் மரதனில் மட்டும் இவ்வளவு பிசகு? 10 கிலோமீற்றர் ஓட்டம் ஒரு விடயத்தைச் சோதிப்பதே இல்லை: உடலில் சேமித்துள்ள மாச்சத்து தீர்ந்துபோவதை. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாக இருப்பு வைத்திருப்பது ஏறத்தாழ 2000 கிலோகலோரி. ஓடுவதற்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகும். 65 கிலோ நிறையுள்ளவர் 10 கிலோமீற்றருக்கு 650 செலவழிக்கிறார். இருப்பில் பாதிகூடத் தொடவில்லை. மரதனுக்கோ 2700க்கு மேல் வேண்டும். மிகுதியைக் கொழுப்பு ஈடுசெய்ய வேண்டும், ஆனால் வேகம் கூடக்கூடக் கொழுப்பின் பங்கு குறைந்து மாச்சத்தின் பங்கு ஏறும். எனவே 5:54க்கு ஓட வேண்டியவர் 5:27க்குத் தொடங்கினால், இழப்பு முதல் 25 கிலோமீற்றரில் தெரியாது. 30ஐத் தாண்டியதும் கிலோமீற்றருக்கு ஒன்று, இரண்டு நிமிடமாகக் கரையும். ரீகலின் கோடு சீராக வளைவது. உடலோ ஓரிடத்தில் திடீரென்று உடைகிறது. நீண்ட தூரம் ஓடிப் பழகாத தொடைத்தசைகள் ஆயிரக்கணக்கான அடிகளின் அதிர்வைத் தாங்காமல் இறுகுவதும் அதே நேரத்தில்தான் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது நம்மூர் வெக்கை. 10 கிலோமீற்றரை அதிகாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் வெயில் உறைக்குமுன் முடித்துவிடலாம். மரதனில் நீங்கள் ஒன்பதரை வரை வீதியில் நிற்பீர்கள். ஏறத்தாழ மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரையான தூரம் அது; கடலோர ஈரப்பதத்தில் வியர்வை காயாமல் வழிந்தோடுகிறது, காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. கல்லடிப் பக்கம் எங்களோடு நீண்ட ஓட்டம் ஓடும் ஒரு தம்பியின் கைக்கடிகாரத்தை அண்மையில் பார்த்தேன்: ஒரே 6:05 வேகத்தில் முதல் மணித்தியாலத்தில் இதயத்துடிப்பு 148, மூன்றாவது மணித்தியாலத்தில் 167. சப்பாத்து பிழிந்தால் தண்ணீர் வரும் நிலை. வேகம் மாறாமலிருக்கத் துடிப்பு இப்படி ஏறுவது, அந்த வேகத்தை நெடுநேரம் பிடிக்க முடியாது என்பதற்கான தெளிவான அறிகுறி.

உங்கள் 4:09இலும் ஓட்டை இருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த 10 கிலோமீற்றர் பாதை முறையாக அளக்கப்பட்டதா? உண்மையில் 9.7 கிலோமீற்றராக இருந்திருந்தால் உங்கள் 10 கிலோமீற்றர் நேரம் 51:38 ஆகும். கணிப்பானின் மரதன் விடை அப்போதே 3:57க்கு மேல் போய்விடும். அதேபோல, அரை மரதன் கடும் வெயிலில் நடந்திருந்தால் 1.116 என்ற அடுக்கு உங்கள் உடலை மட்டுமல்லாமல் அந்த நாளின் சூட்டையும் சேர்த்தே அளக்கிறது. அரை மரதன் நேரத்தில் ஒரு நிமிடம் பிசகினால் மரதன் விடையில் நான்கு நிமிடம் பிசகும். இரண்டு ஓட்டங்களும் ஒரே பருவத்தில், ஒத்த நேரத்தில், சமதரையில் ஓடியவையாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்குக்கு மதிப்பு உண்டு.

ஆகவே மரதனுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு முன் 30 கிலோமீற்றர் நீண்ட ஓட்டம் ஒன்றை ஓடி, அதன் கடைசி 8 கிலோமீற்றரை மட்டும் 5:54க்கு ஓடிப் பாருங்கள். போட்டியன்று உண்ணப்போகும் அதே உணவை, மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து என்ற அளவில், அன்றும் எடுங்கள். எட்டும் சீராக வந்து துடிப்பும் பெரிதாக ஏறாவிட்டால், போட்டியை 5:55 அளவில் தொடங்கி, 32ஆவது கிலோமீற்றருக்குப் பின் மட்டும் வேகத்தைக் கூட்டலாம். அந்த எட்டில் ஐந்தாவது, ஆறாவது கிலோமீற்றரிலேயே 6:10க்கு இறங்கிவிட்டால், 4:20ஐ இலக்காக எடுத்துத் தொடங்குங்கள்.