ஆர்க்கைவில் கிடந்த 18 ரவிக்கை

கேள்வி: தையல் கடை வைத்திருப்பவர்களே, வாட்ஸ்அப்பில் வந்த பெரிய ஆர்டரைப் பார்க்காமல் விட்டதுண்டா? அப்புறம் என்ன ஆனது?

ஆமாம், நடந்திருக்கிறது. ஈரோட்டில் 11 வருடமாகப் பெண்களுக்குத் தைத்துக் கொடுக்கிறேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கான துணியெல்லாம் அப்போதுதான் வந்து குவியும். செய்தியும் அப்படியே.

தைத்து முடித்துக் காசும் வாங்கிவிட்டால் அந்த வாடிக்கையாளரின் சாட்டை ஆர்க்கைவ் செய்துவிடுவேன். முந்தைய வருடம் வளைகாப்புக்கு என்னிடம் தைத்த ஒரு பெண், தங்கை கல்யாணத்துக்காக அதே சாட்டில் எழுதியிருந்தாள். மணப்பெண்ணுக்கு ஆரி வேலையோடு 3 ரவிக்கை, வீட்டுப் பெண்களுக்கு லைனிங் வைத்து 15. ஆர்க்கைவில் உள்ள சாட்டுக்குப் புதுச் செய்தி வந்தாலும் அது மேலே ஏறி வராது, சத்தமும் கேட்காது. பட்டியலின் உச்சியில் Archived என்ற வரியில் சின்னதாக ஓர் எண் மட்டும் தெரியும். நான் அதைப் பார்க்கவே இல்லை.

வேறொருவரின் பழைய அளவைத் தேடி உள்ளே போனபோதுதான் கண்ணில் பட்டது. நான்கு டிசைன் படம், ஒரு குரல் செய்தி. "அக்கா, துணி எடுத்தாச்சு. நீங்க சரின்னு சொன்னா நாளைக்கே கொண்டு வரேன்." அது வந்து 12 நாள் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் 19 நாள்.

19 நாள் போதுமே என்று தோன்றும். ஆரி ரவிக்கைக்குப் போதாது. துணியில் அளவு குறித்து, வெட்டாமல் அப்படியே ஃபிரேமில் கட்டி, வேலை முடிந்த பிறகுதான் வெட்ட முடியும். நிறைய வேலைப்பாடு இருந்தால் ஒரு ரவிக்கை ஓர் ஆளுக்கு ஐந்து நாள் பிடிக்கும். மூன்றுக்கு 15 நாள். பிறகு தைத்து, போட்டுப் பார்த்து, சரிசெய்ய வேண்டும். முதல் நாளே பார்த்திருந்தால் நிதானமாக முடித்திருப்பேன். இப்போது என் ஆரிக்காரர் கையில் வேறு இரண்டு வீட்டு வேலை.

அழைத்தேன். "நீங்க பதிலே போடலையேக்கா. வேண்டாம்னு நெனச்சு வேற இடத்துல குடுத்துட்டோம்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் இன்னும் வலிக்கிறது. போன பணம் 18,000 ரூபாய்க்கு மேல்.

அன்றைக்கே Settings-இல் Chats-க்குள் போய் Keep chats archived என்பதை அணைத்துவிட்டேன். அப்படிச் செய்தால் புதுச் செய்தி வந்ததும் பழைய சாட் தானாக வெளியே வந்துவிடும். அளவுப் படங்களைச் சாட்டில் விட்டுவைக்காமல் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். ராத்திரி ஷட்டரை இறக்கும் முன் Unread பட்டனைத் தட்டி, பட்டியல் காலியாகும் வரை பதில் போடுகிறேன். "துணி வந்த பிறகே நாள் சொல்ல முடியும்" என்ற ஒரு வரியாவது போய்விடும்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் அந்தப் பெண்ணின் அம்மா ஒரு ரவிக்கையோடு வந்தார், கை இறுக்கமாம். உள்ளே அரை இஞ்ச் துணி விட்டிருந்தார்கள். உட்கார வைத்து, பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.