லெட்டர் போனது, போட்டோ போகவில்லை

கேள்வி: நான் ஏற்காட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வயது 68. 1989-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவன் இப்போது கனடாவில் இருக்கிறான். அவனுக்கு முதன்முதலாக ஈமெயில் எழுதி, அந்த வருட வகுப்பு போட்டோவையும் ஆண்ட்ராய்டு போனிலிருந்து அனுப்பினேன். "லெட்டர் வந்துடுச்சு டீச்சர், போட்டோவைக் காணோம்" என்கிறான். போட்டோ எங்கே போனது? எப்படிச் சேர்ப்பது?

பதில்: டீச்சர், போட்டோ பெரும்பாலும் உங்கள் போனை விட்டே கிளம்பியிருக்காது. ஜிமெயிலைத் திறந்து, மேலே இடது மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொடுங்கள். வரும் பட்டியலில் Drafts என்று இருக்கும். அனுப்பாமல் நின்றுபோன கடிதங்கள் கிடக்கும் இடம் அது. முகவரி இல்லாமல், ஒரு வரி எழுத்தும் இல்லாமல், போட்டோ மட்டும் ஒட்டிக்கொண்டு ஒரு கடிதம் அங்கே கிடக்கிறதா பாருங்கள்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அஸ்தம்பட்டியில் இருக்கும் ஒரு கணக்கு டீச்சர். அவருக்கும் அது முதல் ஈமெயில்தான். பெங்களூரில் இருக்கும் பேத்திக்கு முக்கால் பக்கம் தட்டச்சு செய்துவிட்டு, போட்டோவைத் தேடி கேலரிக்குப் போனார். படத்தைத் திறந்தார், கீழே Share-ஐத் தொட்டார், ஜிமெயிலைத் தேர்ந்தெடுத்தார். எல்லாமே சரியான பொத்தான்கள். ஆனால் கேலரியிலிருந்து ஜிமெயிலுக்குள் போனால், அது புதிதாக ஒரு வெற்றுக் கடிதத்தைத் திறந்து அதில் படத்தை வைக்கும். முன்பு எழுதியது வேறு கடிதம். அதற்கு இந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"நான் எழுதுனதெல்லாம் அழிஞ்சு போச்சே தம்பி!" என்று பதறிப்போய் வெளியே வந்து, எழுதிய கடிதத்தைக் கண்டுபிடித்து, நிம்மதியாக Send-ஐத் தொட்டுவிட்டார். எழுத்து பெங்களூருக்குப் போனது, படம் Drafts-இல் தங்கிவிட்டது.

"அப்போ எந்தப் பக்கமாப் போகணும்?" என்று கேட்டார். இரண்டு வழியும் சரிதான். பாதியில் மாறக் கூடாது. படத்தைக் கேலரியில் திறந்து Share வழியாகப் போனால், முகவரி, விஷயம், கடிதம் மூன்றையும் அந்தப் புதுக் கடிதத்திலேயே எழுதுங்கள். முதல் தடவைக்கு இதுதான் சுலபம் என்பேன், ஏனென்றால் படம் கண் முன்னால் இருக்கும்போதே எழுதலாம். ஆனால் வந்த ஈமெயிலுக்குப் பதில் போடும்போது இந்த வழி உதவாது. அதற்காகவாவது அடுத்த வழியும் தெரிந்திருக்க வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும் கடிதத்தை விட்டு வெளியே வராமல், திரையின் மேற்புறம் பாருங்கள். ஜெம் கிளிப் மாதிரி ஒரு குறி இருக்கும். அதைத் தொட்டால் சில போன்களில் Attach file என்றும், சிலவற்றில் Photos என்றும் வரும். அதன் வழியாகப் போய் வகுப்பு போட்டோவைத் தொடுங்கள். Add அல்லது Done என்று கேட்டால் அதையும் தொடுங்கள். கடிதத்துக்குக் கீழே படம் சின்னதாகத் தெரியும். கணக்கு டீச்சர் அங்கேதான் ஒரு கணம் நின்றார். "இது தெரியாம Send-ஐத் தொடக் கூடாது, அப்படித்தானே?" என்றார். அப்படியேதான். அனுப்பிய பிறகும் சந்தேகம் இருந்தால், Sent-இல் அந்தக் கடிதத்தைத் திறந்து பாருங்கள். அங்கே படம் இருந்தால் கடிதத்தோடு போய்விட்டது என்று பொருள்.

உங்கள் Drafts-இல் அந்தப் படம் கிடைத்தால் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். அதையே திறந்து, To-வில் மாணவனின் முகவரியும் கீழே இரண்டு வரியும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

பழைய போட்டோவைப் போனில் படம் எடுத்திருப்பீர்கள். கண்ணாடிச் சட்டத்தோடு எடுத்திருந்தால் பின்வரிசை முகங்களில் வெளிச்சம் அடித்திருக்கும். முடிந்தால் சட்டத்திலிருந்து எடுத்து, ஜன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் போடாமல் இன்னொரு தடவை எடுங்கள். போன் படம் ஒன்று பெரும்பாலும் 3 முதல் 5 எம்பி வரும். ஜிமெயிலில் ஒரு கடிதத்துக்கு 25 எம்பி வரைதான் இடம். அதைத் தாண்டினால் படம் கூகுள் டிரைவ் என்ற இணையச் சேமிப்பிடத்தில் வைக்கப்பட்டு, அதைத் திறக்கும் லிங்க் மட்டும்தான் கடிதத்தில் போகும். நீங்கள் அனுமதி தராவிட்டால் உங்கள் மாணவரால் அதைத் திறக்க முடியாது. எனவே கடிதத்துக்கு நான்கு படம் போதும்.

ஏற்காட்டில் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் இன்னொன்று. Send-ஐத் தொட்டும் Sent-இல் கடிதம் காணவில்லை என்றால் Outbox-ஐப் பாருங்கள். Queued என்று காட்டினால் சிக்னலுக்காகக் காத்திருக்கிறது. கிடைத்ததும் தானே போய்விடும். பொறுமையிழந்து மறுபடி மறுபடி எழுதி அனுப்பினால், அதே போட்டோ அவருக்கு நாலைந்து தடவை போய்ச் சேரும்.