நீல டிக் விழுந்துவிட்டது, பதில் மட்டும் வரவில்லை

கேள்வி: எனக்கு 27 வயது. காதலருக்கு மெசேஜ் அனுப்பி, அவர் படித்தும் பதில் போடாவிட்டால் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. விட்டுப் போகப் போகிறார் என்றே தோன்றுகிறது. வரிசையாக ஐந்தாறு மெசேஜ் அனுப்பிவிட்டு, அப்புறம் வெட்கப்பட்டு அழிக்கிறேன். முன்பு பழகியவரும் 'உன்னோடு மூச்சு முட்டுகிறது' என்று சொல்லித்தான் விலகினார். இது மனநோயா, டாக்டர்?

பதில்: நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து இதை நோய் என்று சொல்ல மாட்டேன். நெருங்கிய ஒருவர் கைக்கு எட்டாமல் போகும்போது அலறுகிற ஒரு மணி எல்லோருக்குள்ளும் இருக்கிறது, உங்களுடையது கொஞ்சம் சீக்கிரமே அடிக்கிறது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி இதைப் பற்றுதல் என்ற பெயரில் விளக்கினார். அவரோடு வேலை செய்த மேரி எய்ன்ஸ்வொர்த் ஒரு வயதுக் குழந்தைகளைக் கவனித்தார். அம்மா அறையை விட்டு வெளியே போய்ச் சில நிமிடங்களில் திரும்பி வருவார். பல குழந்தைகள் அழுதாலும் அம்மாவைக் கண்டதும் அடங்கிவிட்டன. சில குழந்தைகள் மட்டும் இடுப்பில் ஏறிய பிறகும் அழுதன, கட்டிக்கொண்டே அம்மாவை உதைக்கவும் செய்தன. பெரியவர்களின் காதலிலும் இதே மாதிரி நடக்கிறது என்று 1987இல் ஹேசன், ஷேவர் என்ற இருவர் எழுதினார்கள். நீங்கள் அனுப்பும் அந்த ஐந்தாறு மெசேஜும் ஏறக்குறைய அந்த உதைதான், திட்டுவது போல இருந்தாலும் அதற்குப் பொருள் 'திரும்பி வா' என்பதுதான்.

சரி, மணி சீக்கிரம் அடிப்பது ஒரு பக்கம். அது நாளுக்கு நாள் இன்னும் சீக்கிரம் அடிக்க ஆரம்பிப்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது, நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அதைத்தான். பயம் வருகிறது, போனை எடுத்து 'லாஸ்ட் சீன்' பார்க்கிறீர்கள், அல்லது இன்னொரு மெசேஜ் தட்டுகிறீர்கள், பதில் வந்ததும் உடம்பு தளர்கிறது. அந்த நிம்மதி நிஜமானது, ஆனால் மூளை அதிலிருந்து தப்பான பாடம் படிக்கிறது: 'நான் விடாமல் பார்த்ததால்தான் தப்பித்தேன்.' அடுத்த தடவை அது இன்னும் முன்னதாகவே உங்களைப் போனிடம் துரத்தும். பதில் சில சமயம் உடனே வரும், சில சமயம் வராது என்பதால் பழக்கம் மேலும் இறுகும். எப்போது விழும் என்று தெரியாத பரிசைத்தான் மனுஷ மனசு விடவே விடாது.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்). முப்பதைத் தொட்ட ஆண், மனைவி வேலைக்குப் போனதும் அரை மணிக்கு ஒரு தடவை மெசேஜ் அனுப்புவார். மூன்று மணி நேரம் போனைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தால் அவர் அடுத்த முறை வந்திருக்கவே மாட்டார். பத்து நிமிடம் மட்டும் கேட்டேன். பயம் வந்ததும் ஒரு சின்ன நோட்டில் நேரம், பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க், என்ன நடந்திருக்கும் என்று மனசு சொல்கிறது என்று எழுத வேண்டும். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி மார்க் போட வேண்டும், அதன் பிறகு அனுப்பியே தீரவேண்டும் என்றால் அனுப்பலாம். முதல் நாள் ஒன்பதில் ஆரம்பித்து எட்டில்தான் நின்றது, 'இதுக்கு எதுக்கு டாக்டர்' என்று கோபப்பட்டார். நாலைந்து நாளில் ஒன்பது ஆறானது. பிறகு இருபது நிமிடம், நாற்பது நிமிடம் என்று நீட்டினோம்.

மூன்று வாரம் கழித்து நோட்டைத் திறந்தோம். பதினான்கு முறை 'இத்தோடு முடிந்தது' என்று எழுதியிருந்தார். பன்னிரண்டு முறை அவர் மனைவி மீட்டிங்கிலோ பயணத்திலோ இருந்திருக்கிறார், அல்லது படித்துவிட்டு அப்புறம் பதில் போடலாம் என்று மறந்திருக்கிறார். மீதி இரண்டு முறை நிஜமாகவே இவர் மேல் கோபம்! அந்த இரண்டும்தான் அவருக்குப் பெரிய திறப்பு, ஏனென்றால் கோபப்பட்டவர் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து சண்டை போட்டுவிட்டுப் பக்கத்தில்தான் தூங்கினார். கோபமும் பிரிவும் ஒன்றில்லை என்பதை நான் பத்து தடவை வாயால் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

இதில் எல்லோரும் வழுக்கும் இடங்கள் உண்டு. மெசேஜ் அனுப்பாமல் இருந்துவிட்டு, ஆள் ஆன்லைனில் இருக்கிறாரா என்று வேறு ஆப்பில் போய்ப் பார்ப்பது, தோழியை விட்டுப் பார்க்கச் சொல்வது, பழைய சாட்டை மேலே உருட்டி 'முன்பெல்லாம் எப்படிப் பேசினார்' என்று ஒப்பிடுவது, எல்லாமே அதே சோதனைதான், அந்தப் பத்து நிமிடத்தில் சேராது. பதிலுக்குப் பழிவாங்கவென்று நீங்களும் வேண்டுமென்றே மூன்று மணி நேரம் பதில் போடாமல் இருப்பதும் பயிற்சி ஆகாது. முடிந்தால் 'லாஸ்ட் சீன்', நீல டிக் இரண்டையும் அணைத்துவிடுங்கள். உங்களுடையதை மறைத்தால் வாட்ஸப்பில் அடுத்தவருடையதும் உங்களுக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் அது நல்லதே.

படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது நோட்டு, பேனா ஒன்றும் ஓடாது. அப்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், மூன்று நான்கு நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். பயத்தை இது போக்காது, கை போனுக்குப் போகாமல் இருக்கும் அளவுக்குத்தான் உதவும்.

உங்கள் காதலரிடம் பேசுங்கள், ஆனால் புயல் அடிக்கும்போது வேண்டாம், இருவரும் சாதாரணமாக இருக்கும் ஒரு நேரத்தில். 'பதில் தாமதமானால் எனக்குப் பயம் வருகிறது, அது என் பழைய பயம், சரிசெய்யப் பார்க்கிறேன். வேலையாக இருந்தால் பிறகு பேசுகிறேன் என்று ஒரு வார்த்தை போட முடியுமா?' இவ்வளவு போதும். பத்து நிமிடத்தில் பதில் வந்தே ஆகவேண்டும் என்று சட்டம் போடாதீர்கள். பதினோராவது நிமிடம் உங்களுக்குச் சாட்சியாகிவிடும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்தப் பயம் நெருங்கிய தோழிகளிடமும், முன்பு பழகியவரிடமும் வந்ததா, இவரிடம் மட்டும்தான் வருகிறதா? இரண்டாவது என்றால் மணியைக் குறை சொல்லும் முன் ஆளைப் பாருங்கள். சின்னச் சண்டைக்கு நாள்கணக்கில் பேசாமல் இருப்பது, பிளாக் செய்து திறப்பது, நீங்கள் கெஞ்சிய பிறகே பேசுவது என்று நடந்தால், உங்கள் பயம் உள்ளதைத்தான் சொல்கிறது, அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தில்லை. முந்தையவரிடமும் இப்படித்தான் இருந்தது என்பதுபோல் எழுதியிருப்பதால் உங்களுடையது பழைய மணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

போன் பக்கமே போகாத நேரத்திலும் படபடப்பும் கைநடுக்கமும் வந்தால் ஒரு பொது மருத்துவரிடம் தைராய்டு, ரத்தசோகை பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காபி அதிகமா என்றும் கவனியுங்கள். ஒன்றிரண்டு மாதம் நேர்மையாக முயன்றும் தூக்கமும் வேலையும் கெடுகிறது என்றால் உளவியல் நிபுணரிடம் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எடுங்கள், மேலே சொன்ன நோட்டு வேலை அதிலிருந்து வந்ததுதான். பதட்டம் ரொம்ப முற்றியிருந்தால் மனநல மருத்துவர் கொஞ்ச காலத்துக்கு மாத்திரையும் தரலாம். காதலர் பதில் போடாத நேரத்தில் உங்களைக் காயப்படுத்திக்கொள்ளவோ சாகவோ தோன்றினால் பத்து நிமிடக் கணக்கெல்லாம் வேண்டாம், அப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.