கிரேக்க நண்பனோட கல்யாணத்துல கிரேக்க மொழியிலயே சின்னதா ஒரு டோஸ்ட்

கேள்வி: என் பெஸ்ட் ஃப்ரெண்டு கிரேக்கன், அடுத்த மாசம் அவன் ஊர்லயே கல்யாணம். ரிசப்ஷன்ல கிளாஸைத் தூக்கிட்டு அவங்க பாஷையிலயே நாலு வரி வாழ்த்து சொல்லணும், எனக்கு கிரேக்கம் சுத்தமா தெரியாது. என்ன சொல்றது?

பதில்:

இதே வேலையை தெசலோனிக்கில என் நண்பன் கல்யாணத்துல பண்ணி, ஒரே ஒரு சொல்லை மாத்திச் சொல்லி மொத்த ஹாலையும் சிரிக்க வச்சவன் நான், அதனால சொல்றேன்.

முதல்ல வரிகள். மாப்பிள்ளை பேரு நீக்கோஸ், பொண்ணு பேரு எலேனின்னு வச்சுக்கோங்க, நீங்க அவங்க பேரைப் போட்டுக்கோங்க:

"கலிஸ்பேரா சாஸ். நீக்கோ, ஈஸே அதெர்ஃபோஸ் மூ. எலேனி, செஃப்ஹரிஸ்தோ பூ தோன் கானிஸ் எஃப்திஹிஸ்மேனோ. நா ஸீசெத்தே! வீயோன் அன்தோஸ்பார்தோன் கே கலூஸ் அப்போகோனுஸ். ஸ்தினியா சாஸ்!"

அர்த்தம்: எல்லாருக்கும் மாலை வணக்கம், நீக்கோ நீ எனக்கு சகோதரன், எலேனி இவனை சந்தோஷமா வச்சிருக்கிறதுக்கு நன்றி, நீங்க ரெண்டு பேரும் நல்லா வாழணும், பூ தூவின வாழ்க்கை அமையட்டும், நல்ல பிள்ளைங்க பொறக்கட்டும், உங்க ஆரோக்கியத்துக்கு. அரை நிமிஷம் கூட ஆகாது, அது போதும், ஏன்னா பழைய பாணி கிரேக்க கல்யாணத்துல பேச்சுக்கு பெரிய இடமே கிடையாது, சாப்பாடும் ஆட்டமும்தான் முக்கியம், அதனால டான்ஸ் சூடு பிடிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

நீக்கோஸ் எப்படி நீக்கோ ஆச்சுன்னு பாத்தீங்களா, ஆம்பளை பேரைக் கூப்பிடும்போது கடைசி 'ஸ்' விழுந்துடும், கோஸ்தாஸ்னா கோஸ்தா. சில பேருக்கு முடிவே வேற மாதிரி மாறும், அலெக்சாந்த்ரோஸைக் கூப்பிட்டா அலெக்சாந்த்ரே, அதனால அவங்க வீட்ல எப்படி கூப்பிடுறாங்கன்னு காது குடுத்துக் கேட்டுட்டு அப்படியே சொல்லிடுங்க.

இப்ப நான் பண்ணின கூத்து. 'நா ஸீசெத்தே'ங்கிறது ஜோடியைப் பாத்து சொல்றது, அதுல 'ஸீ'ல அழுத்தம், அந்த ஸ தேனீ ரீங்காரம் மாதிரி அதிரணும். பெத்தவங்களைப் பாத்து 'நா சாஸ் ஸீசுன்'னு சொல்வாங்க, அதாவது பிள்ளைங்க உங்களுக்காக நல்லா இருக்கட்டும்னு. நான் ரெண்டையும் குழப்பி ஜோடியைப் பாத்து கம்பீரமா 'நா சாஸ் ஸீசி'ன்னேன். அது குழந்தை பொறந்த வீட்டுல சொல்ற வாழ்த்து! பொண்ணு குனிஞ்சு தன் வயித்தைப் பாத்தா, மாமியார் அவளைப் பாத்தாங்க, அப்புறம் ஒரே சிரிப்பு. நல்லவேளை எல்லாரும் ஏற்கனவே குடிச்சிருந்தாங்க.

'வீயோன் அன்தோஸ்பார்தோன்' பழைய ஏட்டுக் கிரேக்கம், தெருவுல யாரும் அப்படிப் பேச மாட்டாங்க, ஆனா கல்யாணத்துல மட்டும் உயிரோட இருக்கு, நம்ம 'பல்லாண்டு வாழ்க' மாதிரி. வெளியூர்க்காரன் வாயில இது வந்தா கைதட்டு நிச்சயம். 'அன்தோஸ்'ல தோ-வை நாக்கைப் பல்லுக்கு நடுவுல வச்சு காத்தா விடணும். 'அப்போகோனுஸ்'ல வர்ற 'கோ'வுக்கு பயப்படாதீங்க, நம்ம 'அகம்'ல வர்ற க-வை இன்னும் மென்மையா சொன்னா கிட்டத்தட்ட அதுதான், 'அதெர்ஃபோஸ்'ல வர்ற தெ-வும் நம்ம 'அது'ல இருக்கிற த-தான், இந்த ரெண்டுலயும் தமிழன் அதிர்ஷ்டக்காரன்.

ஆனா அந்த 'கலூஸ் அப்போகோனுஸ்' நல்ல பிள்ளைங்க வாழ்த்தை மட்டும் நண்பன்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க, குழந்தை விஷயத்துல ஏதாவது மனவருத்தம் இருந்தா அதை விட்டுடுங்க, மீதி வரி அப்படியே நிக்கும்.

'ஈ ஓரா ஈ கலி'ன்னு ஒண்ணு இணையத்துல கிடைக்கும், நல்ல நேரம் வரட்டும்னு அர்த்தம், அது தாலி கட்டுறதுக்கு முன்னாடி சொல்ற மாதிரி, முடிசூட்டு நடக்குறதுக்கு முன்னாடி சொல்றது (தாலி அவங்களுக்குக் கிடையாது, கிரீடம் மாதிரி ஸ்தேஃபனா). ரிசப்ஷன்ல சொன்னா பஸ் போனப்புறம் டிக்கெட் எடுத்த கதை. அந்தக் கிரீடத்தை மூணு தடவை மாத்துறவர் கும்பாரோஸ், சர்ச் கல்யாணம்னா அவர் ஆர்த்தடாக்ஸா இருக்கணும், அதனால நீங்க பெஸ்ட் ஃப்ரெண்டா இருந்தும் அந்த இடத்துல வேற ஒருத்தர் நிப்பார், மனசுல வச்சுக்காதீங்க. அவருக்கு ஒரு 'பாந்தா ஆக்சியோஸ்' சொல்லிடுங்க, எப்பவும் தகுதியோட இருங்கன்னு அர்த்தம், அவருக்கான தனி வாழ்த்து அது.

நீங்க இன்னும் கல்யாணம் ஆகாதவரா? அப்ப டோஸ்ட் முடிஞ்சதும் ஒவ்வொரு பாட்டியும் வந்து 'கே ஸ்தா திக்கா சூ'ன்னு கன்னத்தைக் கிள்ளுவாங்க, அடுத்தது உனக்குத்தான்னு. 'எஃப்ஹரிஸ்தோ'ன்னு சிரிச்சுட்டு வைனை நிரப்பிக்கோங்க.