சாராய வாசமும் வேலை நீக்கமும்

கேள்வி: ஐயா, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் 17 வருடமாக ரோலர் அறையில் வேலை செய்கிறேன். வயது 44. போன மாதம் 10ஆம் திகதி காலை 6 மணிக்கு வேலைக்குப் போனேன். முந்தின இரவு கல்யாண வீட்டில் கால் போத்தல் சாராயம் குடித்தது உண்மை. ஒன்பதரைக்கே படுத்துவிட்டேன். எனக்கு சுகர், குளிசை போடுகிறேன். அன்று சாப்பிடாமல் போய்விட்டேன். ஏழு மணி போல கை நடுங்கி, வேர்த்து, தடுமாறினேன். டீமேக்கர் வந்து, வாசம் அடிக்குது, வெறி என்று வெளியே அனுப்பிவிட்டார். ஆஃபீசில் சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். 12ஆம் திகதி வேலையிலிருந்து நீக்கியாச்சு என்று கடிதம் வந்தது. ஒரு விசாரணையும் இல்லை. பணிக்கொடை கிடையாது, லயத்தையும் விட வேண்டும் என்கிறார்கள். தலைவர் துரையிடம் பேசிப் பார்க்கிறேன் என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: தலைவர் பேசட்டும், நல்லதுதான். ஆனால் பேச்சு நடக்கும்போதும் நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் உங்கள் விண்ணப்பம் பதிவாகியிருக்க வேண்டும். துரையோடு பேச்சு நடந்தாலும், தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தாலும் அந்தக் கெடு நிற்காது. "இன்றைக்கு முடியும், நாளைக்கு முடியும்" என்று நம்பி ஏழாவது மாதம் என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நீங்கள் இன்னும் நேரத்தோடுதான் இருக்கிறீர்கள். வந்த கடிதத்தை உறையோடு பத்திரமாக வையுங்கள்.

அடுத்து, நம் ஆட்கள் அதிகம் தவறாக நினைக்கும் ஒரு விஷயம். விசாரணை வைக்காமல் நீக்கினால் வழக்கு தானாக வென்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி தொழில் நியாய சபை முழு விஷயத்தையும் புதிதாகக் கேட்கும். விசாரணை வைக்காதது நிர்வாகத்துக்குப் பெரிய பலவீனம், சபை அதைக் கவனிக்கும். ஆனால் நீங்கள் உண்மையில் வெறியில் இருந்தீர்கள் என்று அவர்கள் சபையில் நிரூபித்துவிட்டால், விசாரணை இல்லாததை மட்டும் வைத்து நாம் தப்ப முடியாது. அதனால் அன்றைக்கு நடந்ததைப் பற்றிய சாட்சியத்தை இப்போதே சேர்க்க வேண்டும்.

நீக்கியதை நிர்வாகம் ஒப்புக்கொண்டால், சாட்சியத்தை அவர்கள்தான் முதலில் கொண்டுவர வேண்டும். குற்ற வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்கக்கூடும் என்று பார்த்தால் எந்தப் பக்கம் பாரம் கூடுதலோ, அது போதும். 1975இல் வந்த தீர்ப்பொன்றுக்குப் பிறகு இது நிலைத்த சட்டம். ஆகவே டீமேக்கர் ஒருவரின் வார்த்தை உங்கள் பக்கம் எதுவும் இல்லாமல் நின்றால், அதையே ஏற்றுக்கொள்ளவும் கூடும்.

சரி, அவர் என்ன சொல்வார்? "வாசம் வந்தது, தடுமாறினார்" என்பார். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வாசம் என்பது குடித்திருக்கிறார் என்பதற்கு அடையாளம். வெறியில் இருந்தார் என்பதற்கு அது போதாது. பொலிஸ் அனுப்பும் ஆளைப் பார்க்கும் சட்ட வைத்தியர்கூட "மது அருந்தியுள்ளார், ஆனால் அதன் ஆதிக்கத்தில் இல்லை" என்று எழுதுவது உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு லொறி உதவியாளருக்காக வாதாடினேன். மேற்பார்வையாளரின் அறிக்கையில் "வெறியில் இருந்தார்" என்ற ஒரே வரிதான். குறுக்கு விசாரணையில் எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள் என்று கேட்டேன். ஐந்தாறு அடி என்றார். அவர் எப்படி நடந்தார்? நேராகத்தான். பேச்சு? குழறவில்லை, எத்தனை மூட்டை ஏற்றினோம் என்று சரியாகச் சொன்னார். அந்த மூன்று கேள்வியோடு அவர்கள் சாட்சியம் கரைந்தது. அன்றைக்கு ஒரு பலூன் ஊதவைத்திருந்தாலோ, தோட்ட டிஸ்பென்சரியில் காட்டியிருந்தாலோ இந்த நிலை வந்திருக்காது.

உங்கள் விஷயத்தில் தடுமாற்றம் இருந்திருக்கிறது, அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். கால் போத்தல் என்றால் 180 மில்லி. சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கு போல மதுசாரம். அறுபது கிலோ எடையுள்ள ஆணுக்கு இரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 115 மில்லிகிராம் வரை ஏறலாம். மணிக்கு 15 மில்லிகிராம் வீதம் குறையும் என்று வைத்தால் காலை ஆறுக்குக் கிட்டத்தட்ட இறங்கியிருக்கும். இது தோராயக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அரைப் போத்தலைக் கால் போத்தல் என்று எனக்குச் சொல்லியிருந்தால் விஷயம் தலைகீழ். அரைப் போத்தல் குடித்த ஆளுக்கு மறுநாள் காலையிலும் 100 மில்லிகிராமுக்கு மேல் நிற்கக்கூடும். வீதியில் வாகனம் ஓட்டுபவருக்கே எல்லை 80தான். அதனால் உண்மையைச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் உங்களோடு உட்கார்ந்தவர்களை அவர்களும் சாட்சிக்குக் கூப்பிடலாம். ஒரு பொய் பிடிபட்டால் மற்ற உண்மைகளையும் சபை நம்பாது.

நடுக்கம், வியர்வை, தடுமாற்றம், இவை சீனி இறங்கினாலும் அப்படியே வரும். பார்ப்பவருக்கு வெறி போலவே தெரியும். ஆனால் எல்லாக் குளிசையும் சீனியை அப்படி இறக்காது. கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் இந்த வாதம் பலவீனம். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்றவை எழுதியிருந்தால் பலமான வாதம். அந்தக் குளிசையும் முதல்நாள் சாராயமும் காலைப் பட்டினியும் சேர்ந்தால் சீனி இன்னும் இறங்கும். ஏழு மணிக்குப் பிறகு வீட்டில் சீனித் தேத்தண்ணி குடித்துச் சரியாகிவிட்டீர்களா? யார் போட்டுக் கொடுத்தார்? அன்றோ மறுநாளோ வைத்தியசாலைக்குப் போனீர்களா? கிளினிக் டொக்டரிடம் இந்த மருந்தால் இப்படி வரக்கூடும் என்று ஒரு கடிதம் கேளுங்கள்.

நியாயமாக நடந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன், நாம் சபையில் இதைத்தான் அடுக்குவோம். உங்களை ரோலரை விட்டு உடனே நகர்த்தியது சரி. ஓடுகிற ரோலருக்குப் பக்கத்தில் தள்ளாடும் ஆளை விடக் கூடாது, அதில் டீமேக்கரைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம்தான் பிழை. கண்டதை இரண்டு பேர் நேரத்தோடு எழுதியிருக்க வேண்டும். வைத்தியரிடம் போகச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் மறுத்திருந்தால் அதையும் எழுதலாம், அது உங்களுக்கு எதிராக நிற்கும். கேட்கவே இல்லை என்றால் அந்தப் பிழை அவர்களுடையது. பிறகு வேலையை இடைநிறுத்தி, எந்தத் திகதி, எந்த நேரம், என்ன குற்றம், எந்த விதி என்று உங்களுக்கு விளங்கும் மொழியில் குற்றப் பத்திரம் தந்து, பதில் எழுத ஒரு வாரம் போல அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால், அன்றைய சாட்சியாக இல்லாத ஒருவர் விசாரிக்க வேண்டும். டீமேக்கர் சொல்வதை நீங்கள் நேரில் கேட்டு, அவரிடம் கேள்வி கேட்க வாய்ப்பு வேண்டும். தலைவர் பக்கத்தில் இருக்க அனுமதிப்பது வழக்கம். இதில் ஒரே ஒரு இடத்தில், "உனக்கு என்ன நடந்தது?" என்று யாராவது கேட்டிருந்தாலே சுகர் விஷயம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

அந்தச் சிங்களத் தாள்தான் எனக்குக் கவலை. அது ஒப்புதல் வாக்குமூலமாக இருந்தால் சமாளிக்கலாம், வாசித்துக் காட்டாமல் வாங்கினார்கள் என்று சொல்லலாம். ராஜினாமாக் கடிதமாக இருந்தால், "நாங்கள் நீக்கவில்லை, அவரே விலகினார்" என்று முழு வழக்கையும் திருப்பப் பார்ப்பார்கள். நல்லவேளை, நீக்கியதாக அவர்களே எழுதிய 12ஆம் திகதிக் கடிதம் உங்கள் கையில் இருக்கிறது. தாளின் பிரதியைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இனி விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

குற்றம் நிரூபணமானாலும் தண்டனை பொருந்துகிறதா என்று சபை பார்க்கும். நீதியும் நியாயமுமான கட்டளை என்பதுதான் சட்டத்தின் சொல். 17 வருடத்தில் எச்சரிக்கைக் கடிதம் ஏதும் வந்திருக்கிறதா? இது மிக முக்கியம். மது பற்றிய விதி ஸ்டோரில் எழுதி ஒட்டியிருந்ததா, இதே மாதிரிப் பிடிபட்ட வேறு ஆளுக்கு என்ன செய்தார்கள் என்றும் எழுதித் தாருங்கள். ஆனால் ரோலர் அறையில் உண்மையான வெறி என்று முடிவானால், சுத்தமான சேவை இருந்தும் நீக்கத்தைச் சபை ஏற்கலாம். இதை மறைக்க விரும்பவில்லை. நாம் வென்றால் திரும்ப வேலை கேட்கலாம், அல்லது அதற்குப் பதிலாக நட்டஈடு.

பணிக்கொடை இல்லை என்பது பிழை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் அதைப் பிடிக்க மோசடி, பணக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்று சேதம், நட்டம் விளைவித்தல் போன்ற காரணம் வேண்டும். அப்போதும் அந்த நட்டத்தின் அளவுக்குத்தான் பிடிக்கலாம். குடித்தது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்பது கணக்கு. உங்களுக்கு 17 வருடத்துக்கு 238 நாள் சம்பளம் வர வேண்டும். சேமலாப நிதியிலும் கைவைக்க முடியாது. பணிக்கொடையை வாங்கினால் வழக்கை விட்டதாக ஆகுமோ என்று பயப்படாதீர்கள். ஆனால் ரசீதில் "எல்லாக் கோரிக்கையும் முடிந்தது" என்று எழுதியிருந்தால் கையெழுத்து வைக்கும் முன் என்னிடமோ தலைவரிடமோ காட்டுங்கள்.

லயத்தை விட்டுப் போகச் சொல்வதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். தோட்டக் குடியிருப்புகளுக்கென்று 1971இல் வந்த தனிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பூட்டை உடைத்தாலோ தண்ணீரை நிறுத்தினாலோ பொலிசில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள்.

வரும்போது நீக்கக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சிட்டை, கிளினிக் கொப்பி, மருந்துப் பெட்டி, அன்று காலை உங்களைப் பார்த்த ரோலர் அறை ஆட்களின் பெயர் இவ்வளவும் கொண்டு வாருங்கள். சம்பளச் சிட்டை எதற்கென்றால், விண்ணப்பத்தில் தோட்டத்தின் பெயரைப் போட்டால் போதாது, உங்களை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனியின் சரியான பெயர் வேண்டும். அந்தப் பெயர் பிழையாகப் போய் மாதக்கணக்கில் இழுத்த வழக்குகளைப் பார்த்திருக்கிறேன்.