0.1 ஓமை அளக்க ஏன் நான்கு வயர்?

*அண்ணே, துவாஸில் பம்ப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ரீவைண்டிங் முடிந்து வந்த மூன்று ஃபேஸ் மோட்டாரை மல்டிமீட்டரில் பார்த்தால் ஒரு ஜோடி 0.3 ஓம், இன்னொன்று 0.4 காட்டுகிறது. புரோப்பை அழுத்தினால் எண் மாறுகிறது. கோளாறு மோட்டாரிலா, மீட்டரிலா? ‘ஃபோர் வயரில் பார்’ என்கிறார் சூப்பர்வைசர். வயரைக் கூட்டினால் ரெசிஸ்டன்ஸும் கூடத்தானே செய்யும்?*

தம்பி, முதலில் இரண்டு புரோப்பையும் ஒன்றோடொன்று முட்டிப் பிடியுங்கள். மீட்டர் 0.2 காட்டினால், நீங்கள் பார்த்த எண்ணில் பாதியோ அதற்கு மேலோ வைண்டிங்கே இல்லை, புரோப் வயர்தான். மல்டிமீட்டர் தன் இரண்டு வயர் வழியாகவே கரண்டை அனுப்புகிறது. வோல்டேஜையும் அந்த வயர்களின் இந்தப் பக்க முனையில், தன் சாக்கெட்டிலேயே பார்க்கிறது. அதனால் வயரும் புரோப் நுனியும் தொடும் இடமும் எல்லாம் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. 0.2-ஐக் கழித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் நுனி தொடும் தொடுப்பு ஒவ்வொரு முறையும் மாறுமே, எதைக் கழிப்பது?

நான்கு வயரில் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறோம். ஒரு ஜோடி கரண்டை மட்டும் கொண்டுபோகிறது, மறு ஜோடி வோல்டேஜை மட்டும் பார்க்கிறது. கரண்ட் வயரில் எவ்வளவு வோல்டேஜ் விழுந்தாலும் கவலையில்லை, அது வோல்டேஜ் புரோப்புகளுக்கு வெளியே விழுகிறது. வோல்டேஜ் வயருக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டுதான், ஆனால் அதில் கரண்ட் போவதே இல்லை என்று சொல்லிவிடலாம். மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகாஓம் என்றால், 0.1 வோல்ட்டுக்கு அதில் ஓடுவது ஒரு ஆம்பியரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அது 0.2 ஓம் வயரில் போடும் பிழை 2 நானோவோல்ட், உங்கள் மீட்டர் கனவிலும் காணாத எண்.

இதற்குத் தனி மைக்ரோஓம் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பெஞ்ச் பவர் சப்ளை போதும். மோட்டாரைச் சப்ளையிலிருந்தும் ஸ்டார்ட்டரிலிருந்தும் முழுதாகக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் கரண்ட் லிமிட்டை 1 ஆம்பியரில் வையுங்கள். கரண்ட் கிளிப்புகளை இரண்டு லக்கில் மாட்டி, எண் நிலைபெறச் சற்றுப் பொறுங்கள். வைண்டிங் காயில் அல்லவா, கரண்ட் உடனே ஏறாது. பிறகு மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 1 ஆம்பியர் என்பதால் 118 மில்லிவோல்ட் என்றால் 118 மில்லிஓம், அவ்வளவுதான் கணக்கு.

வோல்டேஜ் புரோப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கரண்ட் கிளிப்பின் மேலேயே வைத்தால், கிளிப் லக்கைக் கடிக்கும் இடத்தின் ரெசிஸ்டன்ஸ் திரும்பவும் உள்ளே வந்துவிடும். நான்கு வயர் போட்டும் பயனில்லை. கரண்ட் கிளிப்புக்கு உட்பக்கம், மோட்டார் பக்கமாகத் தொடவேண்டும். இரண்டு தாடைக்கும் நடுவே இன்சுலேஷன் உள்ள கெல்வின் கிளிப் இதற்கென்றே வருகிறது, சிம் லிம் டவர் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

உள்ளே ஸ்டார் கட்டி மூன்று வயர் மட்டும் வெளியே வந்த ஒரு மோட்டார் என்னிடம் வந்தது. கறுப்பு–சாம்பல் 118 மில்லிஓம். பழுப்பு–கறுப்பு 131, சாம்பல்–பழுப்பும் 131. கூடுதலாக வந்த இரண்டிலும் பழுப்பு இருக்கிறது, ஆக 13 மில்லிஓம் அந்தப் பக்கம்தான். வைண்டிங்கிலா லக்கிலா? கரண்ட் கிளிப்பை லக்கிலேயே விட்டுவிட்டு, வோல்டேஜ் புரோப்பை மட்டும் லக்குக்கும் இன்சுலேஷனுக்கும் நடுவே தெரிந்த செம்புக் கம்பிகளுக்கு நகர்த்தினேன். 118! வைண்டிங்கில் ஒரு குறையும் இல்லை, கிரிம்ப் சரியாக அழுந்தவில்லை. 13 மில்லிஓம் சின்ன எண் போலத் தெரியும். 60 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு லக்கில் மட்டும் 47 வாட் சூடு. (முன்பு ஒருமுறை நானே சாதா மீட்டரை நம்பி, நல்ல மோட்டாரை ரீவைண்டருக்குத் திருப்பி அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.)

மூன்று ஜோடியையும் ஒரே சூட்டில் அளந்துவிடுங்கள். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவுக்கு ஏறும். வெயிலில் கிடந்த மோட்டாரை ஏர்கான் அறைக்குக் கொண்டுவந்து, ஒரு ஜோடியை உடனேயும் மற்றதைச் சாப்பாட்டுக்குப் பிறகும் அளந்தால், 10 டிகிரி வித்தியாசமே 118-ஐ 123 ஆக்கிவிடும். இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

முடிந்ததும் கிளிப்பைப் படக்கென்று பிடுங்காதீர்கள். முதலில் வோல்டேஜ் புரோப்பை எடுங்கள், பிறகு கரண்டைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள், கடைசியில் கரண்ட் கிளிப். ஓடும் கரண்டைக் காயிலில் வெட்டினால் அது திருப்பி உதைக்கும், கையையும் மீட்டரையும் சேர்த்தே.