மிகையொலி விமானம் தலைக்கு மேலே கடந்து எவ்வளவு நேரத்தின் பின் அதன் ஒலி கேட்கும் என்ற கணக்கில் உயரத்தை ஒலியின் கதியால் வகுத்தேன், 20 செக்கன் வந்தது. விடைத்தாளில் 16 என்று இருக்கிறது. எது சரி?

16 செக்கன்தான் சரி. ஹற்றனில் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு இந்த 20 நன்கு பழகிய விடை. மாணவனாக இருந்தபோது நானும் அதையே எழுதிப் புள்ளியை இழந்திருக்கிறேன். உயரத்தை ஒலியின் கதியால் வகுப்பவர், விமானம் நேர் மேலே நின்ற கணத்தில் புறப்பட்ட ஒலியே முதலில் காதை அடைகிறது என்று தம்மை அறியாமலே எடுத்துக்கொள்கிறார். முதலில் வருவதோ, விமானம் இன்னும் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தபோது புறப்பட்ட ஒலி.

ஒலியின் கதி v, விமானத்தின் கதி u என்போம். A என்ற புள்ளியில் புறப்பட்ட ஒலி t நேரத்தில் vt ஆரையுள்ள கோளமாகப் பரவுகிறது. அதற்குள் விமானம் ut தூரம் சென்று B-ஐ அடைந்துவிடுகிறது. u பெரிதாகையால் B கோளத்துக்கு வெளியே இருக்கும். B-இலிருந்து கோளத்துக்குத் தொடுகோட்டை, அதாவது விமானத்தின் பின்னே விரியும் ஒலிக்கூம்பின் விளிம்பை, வரைந்தால், ஆரையும் தொடுகோடும் சந்திக்கும் இடத்தில்தான் செங்கோணம் அமைகிறது. ஆகவே செம்பக்கம் ut, கூம்பின் அரை உச்சிக்கோணம் θ-க்கு எதிர்ப்பக்கம் vt.

sinθ = v/u

செங்கோணத்தை A-இல் வைத்து tanθ = v/u என்று எழுதுவது அடுத்த வழமையான பிழை.

இனி உங்கள் கணக்கு: u = 550 m s⁻¹, v = 330 m s⁻¹, உயரம் 6600 m. sinθ = 3/5 என்பதால் tanθ = 3/4; கணிப்பான் இல்லாத பரீட்சைக்கென்றே தெரிந்தெடுத்த எண்கள். கூம்பின் விளிம்பு நம்மைத் தொடும்போது விமானம் நம்மைக் கடந்து 6600 ÷ 3/4 = 8800 m சென்றிருக்கும்; அதற்கு எடுத்த நேரம் 8800/550 = 16 s.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒலியின் பாதையைப் பின்னோக்கிப் பாருங்கள். அது கூம்பின் விளிம்புக்குச் செங்குத்தாக வருவதால், விமானம் நம் தலைக்கு மேல் வருவதற்கு 6600 × 3/4 = 4950 m முன்பே புறப்பட்டது; கடந்த தூரம் 8250 m, நேரம் 25 s. அந்த 25 செக்கனில் விமானம் சென்றது 13750 m. அதில் 4950-ஐக் கழித்தால் அதே 8800 கிடைக்கிறது.

கணக்கில் உயரம் கடல் மட்டத்திலிருந்து தரப்பட்டிருந்தால், கேட்பவர் நிற்கும் இடத்தின் உயரத்தைக் கழித்த பின்பே தொடங்க வேண்டும். நுவரெலியாவில் நிற்பவருக்கு அது ஏறத்தாழ 1870 m. மேலே குளிர் கூடக்கூட ஒலியின் கதி குறைவதால் உண்மையான கூம்பின் விளிம்பு சற்று வளைந்திருக்கும். பரீட்சையில் v மாறிலி என்றே கொள்ளப்படும்.

கிரகரி வாவியில் படகின் பின்னே விரியும் V வடிவ அலையை இதற்கு உதாரணமாகச் சிலர் காட்டுவர். நான் காட்டுவதில்லை. ஆழமான நீரில் அலைநீளத்துக்கேற்ப அலையின் கதி மாறுவதால், அந்த V-இன் அரைக்கோணம் படகின் கதி எதுவானாலும் பெரும்பாலும் 19.5° அளவிலேயே நிற்கும்; sinθ = v/u அங்கே பொருந்தாது.